52 ஆம்பியர் லோடுக்கு 300 ஸ்கொயர் கேபிளா? ஷார்ட் சர்க்யூட் கணக்கில் ஒரு சந்தேகம்

ஒரகடத்தான்

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் ஆலையில் புதிதாக ஒரு 1000 கேவிஏ டிரான்ஸ்ஃபார்மர் வருகிறது, 11 கேவி / 433 வோல்ட். எங்கள் 110/11 கேவி சப்ஸ்டேஷனில் இருந்து அதுவரைக்கும் கேபிள் தூரம் ஏறத்தாழ 300 மீட்டர், பாதி தூரம் டிரெஞ்சில், மீதி மண்ணுக்குள். முழு லோடில் 11 கேவி பக்கம் 52.5 ஆம்பியர்தான் ஓடும். கன்சல்டன்ட் அனுப்பிய ஷீட்டில் மூன்று கோர் 300 ஸ்கொயர் அலுமினியம் எக்ஸ்எல்பிஇ என்று போட்டிருக்கிறார். கேபிள் இழுக்கும் காண்ட்ராக்டர் அதைப் பார்த்துவிட்டுச் சிரிக்கிறார், 35 ஸ்கொயரே தாராளம் என்கிறார். பர்ச்சேஸில் என்னைப் பிடித்துக்கொண்டார்கள், எது சரி என்று எழுதிக் கொடு என்று.

கன்சல்டன்டின் கணக்கு இவ்வளவுதான்:

```
S = I × √t / k
S = 25000 × √1 / 94 = 266 sq.mm  →  300
```

25 கிலோ ஆம்பியர், 1 விநாடி எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். 11 கேவி பேனல் பெயர்ப்பலகையில் அப்படித்தான் இருக்கிறது என்றார். பார்த்தேன், இருக்கிறது. ஆனால் மனசு ஒப்பவில்லை. இந்தக் கணக்கு சரிதானா?

சைட்_செந்தில்

பாஸ், 52 ஆம்பியருக்கு 300 என்பது கேபிள் கம்பெனிக்குக் கல்யாணம். மண்ணுக்குள் போவதால் டிரேட்டிங் 0.7 வைத்தாலும் 75 ஆம்பியர் வருகிறது, 35 ஸ்கொயர் அதைத் தாராளமாகத் தாங்கும். 300 மீட்டருக்கு வோல்டேஜ் டிராப்பும் 11 கேவியில் ஒன்றுமே இல்லை. அதற்கு மேல் கரண்ட் போனால் பிரேக்கர் டிரிப் ஆகிவிடும், அப்புறம் கேபிளுக்கு என்ன கவலை? நான் பத்து வருஷமாக இப்படித்தான் போடுகிறேன்.

ரிலேராஜன்

செந்தில் தம்பி, அவர் கேட்டது லோடு கணக்கு இல்லை. பிரேக்கர் டிரிப் ஆகும், சரி. ஆகும்வரைக்கும் கேபிளுக்குள் என்ன நடக்கிறது என்பதுதான் கேள்வி. உங்கள் 35 ஸ்கொயர் அலுமினியம் ஒரு விநாடிக்கு 94ஐ 35ஆல் பெருக்கினால் வரும் 3.3 கிலோ ஆம்பியரைத்தான் தாங்கும். 110 கேவி சப்ஸ்டேஷன் பஸ்ஸில் அதைப்போல் பல மடங்கு வரும். பத்து வருஷமாக ஒன்றும் ஆகவில்லை என்றால் பத்து வருஷமாக அந்த இடங்களில் ஃபால்ட் வரவில்லை, அவ்வளவுதான்.

ஒரகடத்தான் சார், உங்கள் கன்சல்டன்டின் சூத்திரத்தில் தப்பில்லை, 94உம் சரி. எக்ஸ்எல்பிஇ அலுமினியம் 90 டிகிரியில் ஆரம்பித்து 250 டிகிரியில் முடிந்தால் வரும் எண் அது. தாமிரமாக இருந்தால் 143 வரும். ஷார்ட் சர்க்யூட் நடக்கும் அந்தக் கொஞ்ச நேரத்தில் சூடு வெளியே போக வழியில்லை, உண்டானது எல்லாம் கம்பிக்குள்ளேயே நிற்கிறது என்று எடுத்துக்கொண்டால் கிடைக்கும் சூத்திரம் அது, 5 விநாடி வரைக்கும் செல்லும்.

தப்பு மற்ற இரண்டு எண்ணில் இருக்கிறது. 25 கிலோ ஆம்பியர் என்பது பேனல் எவ்வளவு தாங்கும் என்பதற்கு. அங்கே எவ்வளவு வரும் என்பதற்கு அல்ல. ஒரு விநாடியும் அப்படித்தான், பேனலைச் சோதித்த நேரம் அது. உங்கள் பிரேக்கர் திறக்கிற நேரம் இல்லை. லாரி பத்து டன் தாங்கும் என்பதற்காக வீட்டுக்குப் பத்து டன் அரிசி வாங்குவதில்லையே.

மூன்று விஷயம் சொல்லுங்கள், கணக்குப் போடலாம். 110/11 டிரான்ஸ்ஃபார்மர் எத்தனை, எவ்வளவு எம்விஏ, பெர்சென்டேஜ் இம்பீடன்ஸ் எவ்வளவு. பஸ் கப்ளர் எப்போதும் திறந்திருக்குமா. அந்த ஃபீடர் ரிலேயில் என்ன செட்டிங், இன்கமரில் என்ன செட்டிங்.

ஒரகடத்தான்

ராஜன் சார், நன்றி. போய்ப் பார்த்து எழுதிக்கொண்டு வந்தேன்.

டிரான்ஸ்ஃபார்மர் இரண்டு, ஒவ்வொன்றும் 16 எம்விஏ, பெயர்ப்பலகையில் இம்பீடன்ஸ் 10 சதவீதம். பஸ் கப்ளர் சாதாரணமாகத் திறந்துதான் இருக்கும், ஆனால் ஒரு டிரான்ஸ்ஃபார்மரை மெயின்டனன்ஸுக்கு எடுக்கும்போது கரண்ட் போகாமல் மாற்றுவதற்காகச் சில நிமிஷம் இரண்டையும் சேர்த்து ஓட்டுவோம்.

புது ஃபீடருக்கு சிடி 100/1, ஐடிஎம்டி கூடவே இன்ஸ்டன்டேனியஸ் 1400 ஆம்பியரில் வைக்கப்போவதாகச் சொல்கிறார்கள். இன்கமரில் இன்ஸ்டன்டேனியஸ் கிடையாது, பஸ் ஃபால்ட்டுக்கு 0.5 விநாடியில் ரிலே இயங்கும்படி வைத்திருக்கிறார்கள்.

ரிலேராஜன்

நல்லது, இப்போது பேசலாம்.

16 எம்விஏக்கு 11 கேவி பக்கம் 840 ஆம்பியர். 10 சதவீதத்தால் வகுத்தால் 8.4 கிலோ ஆம்பியர். 110 கேவி பக்கத்து இம்பீடன்ஸை விட்டுவிட்டேன். அதைச் சேர்த்தால் கொஞ்சம் குறையும். டிரான்ஸ்ஃபார்மர் இம்பீடன்ஸ் சொன்னதைவிடக் குறைவாக வந்தால் கொஞ்சம் கூடும். அதற்கு இது சரியாகப் போகட்டும். இரண்டும் சேர்ந்து ஓடினால் 16.8.

நேரத்துக்கு வருவோம். இன்ஸ்டன்டேனியஸ் ரிலே 40 மில்லிசெகண்ட், மாஸ்டர் டிரிப் 10, விசிபி திறந்து ஆர்க் அணைய 60. 110 ஆகிறது. நான் அதை 200 என்று வைத்துக்கொள்வேன், பழைய பிரேக்கர் கிரீஸ் காய்ந்து மந்தமாக இயங்கியதைப் பார்த்தவன். இன்கமர் வழியாகப் போனால் 0.5 கூட்டல் பிரேக்கர், 0.6 என்று வையுங்கள்.

```
ஒரு டிரான்ஸ்ஃபார்மர், 0.2 s :  8400 × 0.447 / 94 =  40
ஒரு டிரான்ஸ்ஃபார்மர், 0.6 s :  8400 × 0.775 / 94 =  69
சேர்ந்து ஓடும்போது, 0.2 s : 16800 × 0.447 / 94 =  80
சேர்ந்து ஓடும்போது, 0.6 s : 16800 × 0.775 / 94 = 138
```

ஒரே கேபிள், ஒரே சூத்திரம், விடை 40இல் இருந்து 138 வரை ஓடுகிறது பாருங்கள். நான் எழுதிக் கொடுப்பதாக இருந்தால் 95 ஸ்கொயர் எழுதுவேன். சேர்ந்து ஓட்டும் அந்தச் சில நிமிஷத்தில் ஃபால்ட்டும் வந்து, அதே நேரம் ஃபீடர் பிரேக்கரும் திறக்காமல் போவது என்பது இரண்டு துரதிர்ஷ்டம் ஒரே நிமிஷத்தில். அதற்காக 150 ஸ்கொயர் வாங்கமாட்டேன். மற்ற மூன்று வரிக்கும் 95 போதும்.

தென்றல்

ராஜன் சார், குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். நீங்கள் ஆர்எம்எஸ் கரண்ட் வைத்துப் போட்டிருக்கிறீர்கள். ஆனால் ஃபால்ட் தொடங்கும் முதல் சுற்றில் பீக் 2.5 மடங்கு வரைக்கும் போகும் அல்லவா, பேனல் ரேட்டிங்கிலும் 25 கிலோ ஆம்பியருக்கு 62.5 பீக் என்று போட்டிருப்பார்கள். 16.8க்கு 42 கிலோ ஆம்பியர். கேபிள் அந்த 42ஐத் தாங்க வேண்டாமா? அதை வைத்துப் போட்டால் 95 எங்கே போதும்? 0.2 விநாடிக்கே 200 ஸ்கொயர் வருகிறது. ப்ராஜெக்டில் நாங்கள் இப்படித்தான் பார்த்தோம் என்று நினைவு.

ரிலேராஜன்

இல்லை மேடம். பீக் ஒரே ஒரு கணம் வருவது. அது விசைக்கு: கேபிளைப் பிடித்திருக்கும் கிளாம்ப், கிளீட், பஸ்பார் சப்போர்ட், இவை உடையாமல் நிற்குமா என்று பார்க்க. சூட்டுக்கு அதை 0.2 விநாடி முழுக்க ஓடுவதாகப் போட்டால் அநியாயம். சூடு ஆர்எம்எஸ்ஸால்தான்.

தென்றல்

சரி, பீக்கை முழுக்கப் போட்டது தப்புதான். ஆனால் அந்த டிசி பகுதி தேய்ந்து மறையும்வரைக்கும் கூடுதல் சூடு தராதா? அதை மொத்தமாக விட்டுவிடுவதும் சரியாகப் படவில்லை. 0.1 விநாடிக்குக் குறைவாக இருந்தால் இந்தச் சூத்திரத்தை அப்படியே போடக்கூடாது, டிசி பகுதியைக் கவனிக்கவேண்டும் என்றுதானே ஐஈசி 60364இல் இருக்கிறது?

ரிலேராஜன்

அது நியாயம். நான் சோம்பேறித்தனமாக விட்டுவிட்டேன். போட்டுப் பார்ப்போம், கணக்கு சுலபம்தான்.

டிசி முழு அளவில் ஏறி வந்தால் அதனால் வரும் கூடுதல் சூடு, அதே ஆர்எம்எஸ் கரண்ட் இன்னும் ஒரு டைம் கான்ஸ்டன்ட் அளவு நேரம் கூடுதலாக ஓடியதற்குச் சமம். பஸ்ஸில் எக்ஸ்/ஆர் 15 என்று வைத்தால் டைம் கான்ஸ்டன்ட் 15ஐ 314ஆல் வகுத்தது, 0.048 விநாடி. அப்படியானால் 0.2 என்பது 0.248 ஆகிறது.

```
16800 × √0.248 / 94 = 89
 8400 × √0.648 / 94 = 72
```

95 இன்னும் நிற்கிறது, ஆனால் முன்பு இருந்த இடைவெளி சுருங்கிவிட்டது. ஒன்று கவனியுங்கள், 70 ஸ்கொயர் போதும் என்று யாராவது ஒரு டிரான்ஸ்ஃபார்மர் கணக்கை மட்டும் காட்டியிருந்தால் இந்த இடத்தில் அடிபட்டிருப்பார்கள். 0.6 விநாடியில் டிசி பங்கு சிறிசு, 0.2இல் பெரிசு, 0.06இல் கணக்கையே புரட்டிவிடும். தென்றல் மேடம் பிடித்தது சரியான இடம்.

ஷார்ஜா_பாலா

எல்டி பக்கம் நான் பார்த்ததைச் சொல்கிறேன், கேள்விக்குக் கொஞ்சம் தள்ளித்தான் இருக்கும். இங்கே ஒரு கட்டடத்தில் 1000 கேவிஏ டிரான்ஸ்ஃபார்மர், மெயின் பேனலில் வோல்ட்மீட்டருக்கு பஸ்பாரில் இருந்து 2.5 ஸ்கொயர் தாமிர ஒயர் நேராக எடுத்திருந்தார்கள். ஃபியூஸ் பஸ்பார் ஓரத்தில் இருக்கவேண்டியது, கதவுப் பக்கம் போய் உட்கார்ந்திருந்தது. நடுவில் ஒரு மீட்டர் ஒயர் எந்தப் பாதுகாப்பும் இல்லாமல். கதவு கீலில் உரசி உரசி இன்சுலேஷன் போய் ஒரு நாள் பாடியில் பட்டது.

அப்புறம் இந்தச் சூத்திரத்தை வைத்துப் பார்த்தேன். பிவிசி தாமிரத்துக்கு 115, 2.5ஆல் பெருக்கி வர்க்கம் எடுத்தால் ஏறத்தாழ 82,600. அங்கே 20 கிலோ ஆம்பியர் என்றால் அந்த ஒயர் 160 டிகிரியைத் தொட 0.2 மில்லிசெகண்ட். மில்லிசெகண்ட்! ஏசிபி 0.4 விநாடி டிலே வைத்து நிதானமாக யோசித்துக்கொண்டிருந்தது. ஒயர் இருந்த இடத்தில் பேனல் சுவரில் கறுப்புக் கோடு மட்டும்தான், தாமிரம் ஆவியாகிச் சின்னச் சின்ன உருண்டையாகத் தரையில் கிடந்தது. நல்லவேளை கதவு சாத்தியிருந்தது.

சைட்_செந்தில்

அய்யோ. நான் மீட்டர் டேப்பிங் எல்லாம் அப்படித்தான் எடுத்திருக்கிறேன் இரண்டு மூன்று இடத்தில். திங்கட்கிழமை போய்ப் பார்க்கிறேன்.

அது இருக்கட்டும், ராஜன் அண்ணே, ஒரு சந்தேகம். ஃபால்ட் கேபிள் கடைசியில் வந்தால் கேபிளின் ரெசிஸ்டன்ஸே கரண்டைக் குறைக்குமே? நீங்கள் பஸ்ஸில் வரும் கரண்டை அப்படியே போட்டீர்கள். 300 மீட்டர் இருக்கிறதே. தவிர கேபிளிலேயே ஃபால்ட் வந்தால் அது எப்படியும் வெட்டி எறியவேண்டியதுதானே, எதற்குக் காப்பாற்றவேண்டும்?

ரிலேராஜன்

இது நல்ல கேள்வி தம்பி. 95 ஸ்கொயர் சூடான நிலையில் கிலோமீட்டருக்கு 0.41 ஓம் என்று வைத்தால் 300 மீட்டருக்கு 0.12. சேர்ந்து ஓடும்போது சோர்ஸ் 0.38 ஓம். கேபிளின் ரியாக்டன்ஸையும் சேர்த்தால், கடைசியில் ஃபால்ட் வரும்போது 16.8 என்பது 14.9 ஆகக் குறையும். ஒரு டிரான்ஸ்ஃபார்மருக்கு 8.4 என்பது 8 ஆகும். அதிலும் ஓமில் ரெசிஸ்டன்ஸ் பகுதி செங்குத்தாகக் கூடுவதால் எதிர்பார்த்த அளவுக்குக் குறையாது.

ஆனால் ஃபால்ட் கடைசியில்தான் வரும் என்று யார் எழுதிக் கொடுத்தார்கள்? ஜேசிபி 40 மீட்டரில் கடித்தால் கிட்டத்தட்ட பஸ் கரண்டேதான். கடிபட்ட இடம் போனது போனதுதான், அங்கே ஒரு ஜாயின்ட் போடுவோம். பஸ்ஸில் இருந்து அந்த இடம் வரைக்கும் உள்ள 40 மீட்டர் முழுக் கரண்டையும் சுமந்தது, அது நன்றாக இருக்கவேண்டும். இல்லாவிட்டால் ஜாயின்ட் போட்டு சார்ஜ் பண்ணிய அடுத்த மாதம் வேறு இடத்தில் வெடிக்கும், எல்லாரும் ஜாயின்டர் தலையில் பழி போடுவார்கள். 300 மீட்டருக்கு நான் ரெசிஸ்டன்ஸைக் கணக்கில் எடுக்கமாட்டேன். எல்டியில் சப்-மெயினுக்கு எடுக்கலாம், அங்கே சோர்ஸ் இம்பீடன்ஸ் மிகச் சிறிசு, ஐம்பது மீட்டர் கேபிளே கரண்டைப் பாதியாக்கிவிடும்.

மாலதி_ஜாயின்டிங்

ஜாயின்டர் தலையில் பழி என்று சொன்னதால் வருகிறேன் சார். நான் பதினாறு வருஷமாக டெர்மினேஷன், ஜாயின்ட் வேலை பார்க்கிற டீமில் இருக்கிறேன். நீங்கள் 0.6 விநாடியைக் கொஞ்சம் சுலபமாகத் தள்ளிவிட்டதாக எனக்குப் படுகிறது.

ஒரு இடத்தில் 70 ஸ்கொயர் அலுமினியம், டிரான்ஸ்ஃபார்மர் புஷிங் பக்கம் பூனை ஏறி ஃபால்ட். ஃபீடர் ரிலே சரியாக இயங்கியது, கொடி விழுந்திருந்தது, ஆனால் பிரேக்கர் திறக்கவில்லை. டிரிப் காயில் எரிந்து எத்தனை நாள் ஆகியிருந்ததோ தெரியாது. மேலே இருந்த இன்கமர் திறந்தது, ரிலே ரெக்கார்டில் 7 கிலோ ஆம்பியர், 1.3 விநாடி. பூனையை எடுத்துவிட்டு மெக்கர் பார்த்தார்கள், நன்றாக இருந்தது, சார்ஜ் பண்ணிவிட்டார்கள். ஏழு வாரம் ஓடியது.

அப்புறம் பேனல் பக்க டெர்மினேஷனில் வெடித்தது. நான் போய்ப் பிரித்தேன். லக் அடியில் எக்ஸ்எல்பிஇ இன்சுலேஷன் பின்வாங்கியிருந்தது, ஏறக்குறைய ஒரு விரற்கடை அலுமினியம் வெறுமையாகத் தெரிந்தது. நாம் கட் பண்ணும்போது அங்கே இடைவெளியே விடமாட்டோம். இரண்டு மீட்டர் தள்ளி வெட்டிப் பார்த்தால் காப்பர் டேப்பின் ஓரம் செமிகானில் ஏணிப்படி மாதிரி அச்சு விழுந்திருந்தது, கோர் மெத்தென்று ஆகி டேப் அதற்குள் அமுங்கியிருக்கிறது. வெளியே உறையில் ஒன்றும் தெரியவில்லை, கொஞ்சம் பளபளப்புப் போயிருந்தது, அவ்வளவுதான்.

ரிலேராஜன்

மாலதி அம்மா, நீங்கள் சொன்ன எண்ணைப் போட்டுப் பார்த்தேன். 7000 × √1.3 / 70 = 114. கேபிள் அப்போது 60 டிகிரியில் ஓடிக்கொண்டிருந்ததாக வைத்தால் கம்பி 290 டிகிரியைத் தாண்டியிருக்கிறது. 250 என்பது எக்ஸ்எல்பிஇயின் எல்லை. நீங்கள் பார்த்த இன்சுலேஷன் பின்வாங்கலும் அச்சும் அதற்குப் பொருந்துகிறது. மெக்கர் இதைக் காட்டாது, ஆறின பிறகு இன்சுலேஷன் ரெசிஸ்டன்ஸ் நன்றாகத்தான் இருக்கும்.

பேக்கப் நேரத்தை நான் விட்டுவிடவில்லை, ஒரு டிரான்ஸ்ஃபார்மர் கரண்டோடு பேக்கப் நேரத்தைச் சேர்த்துத்தான் 72 என்று போட்டேன், 95 அதைத் தாண்டி நிற்கிறது. இரண்டு டிரான்ஸ்ஃபார்மர் கரண்டோடு பேக்கப்பைச் சேர்ப்பதைத்தான் வேண்டாம் என்றேன்.

மாலதி_ஜாயின்டிங்

சேர்த்து ஓட்டுவது "சில நிமிஷம்" என்று அவர் சொல்கிறார் சார். நான் போகிற ஆலைகளில் அந்தச் சில நிமிஷம் ஷிஃப்ட் முடியும்வரைக்கும் நீளுவதைப் பார்த்திருக்கிறேன். கப்ளரைத் திறக்க மறந்துவிட்டு டீ குடிக்கப் போனவர்கள் உண்டு. அவர்கள் இடத்தில் நான் இருந்தால் 150 போடுவேன். 300 மீட்டர்தானே, கேபிள் விலை வித்தியாசம் ஒரு நாள் ஷட்டவுனுக்கு முன்னால் என்ன?

ஷார்ஜா_பாலா

மாலதி அக்கா பக்கம் என் ஓட்டு. இல்லையென்றால் கப்ளருக்கு டைமர் வைத்துத் தானாகத் திறக்கும்படி செய்யட்டும், அப்போது ராஜன் சார் கணக்கு நிற்கும்.

தென்றல்

எதிர்ப்பக்கமும் ஒன்று சொல்கிறேன். 94 என்பது 90 டிகிரியில் ஆரம்பிப்பதாக எடுத்தது. இந்தக் கேபிளில் 52 ஆம்பியர்தான், 95 ஸ்கொயருக்கு அது தூசி. கம்பி மண் சூட்டைவிட ஐந்தாறு டிகிரி கூட ஏறாது. 50 டிகிரி என்று வைத்தாலே

```
k = 148 × √ ln[(228 + 250) / (228 + 50)] = 109
```

109 வைத்தால் அந்த மோசமான வரியும், அதாவது சேர்ந்து ஓட்டி பேக்கப்பில் திறப்பதும், டிசி சேர்த்து 16800 × 0.805 / 109 = 124. 120 ஸ்கொயர் ஒரு நூலிழையில் தோற்கிறது. ஆனால் 138 என்று பயந்த அளவுக்கு இல்லை.

ரிலேராஜன்

கணக்கு சரி மேடம். ஆனால் 138 டிசி சேர்க்காத எண், உங்கள் 124 டிசி சேர்த்தது, ஒப்பிடவேண்டியது 144உடன். அதுவும் 150க்குள் அடங்குகிறது.

50 டிகிரியை நான் டிராயிங்கில் எழுதமாட்டேன். இன்று 1000 கேவிஏ, நாளைக்கு அதே கேபிளில் இன்னொரு டிரான்ஸ்ஃபார்மரை ரிங்காகக் கோர்ப்பார்கள், யாரும் அந்த 109ஐத் தேடிப் போய் மாற்றமாட்டார்கள். ஏற்கனவே போட்டுவிட்ட கேபிள் போதுமா என்று பார்க்கிற இடத்தில் இது நியாயமான கருவி. புதிதாக வாங்குகிற இடத்தில் 90ஐ வைத்துக்கொள்வது என் பழக்கம். ஐஈசி 60949 வழியில் வெளியே போகும் சூட்டையும் கணக்கில் எடுக்கலாம், ஆனால் இந்தத் தடிமனுக்கு, அரை விநாடிக்கு, கிடைப்பது சொற்பம். மெல்லிய டேப் ஸ்கிரீனுக்குத்தான் அது நன்றாக உதவும்.

ஒரகடத்தான்

இவ்வளவு பேர் உட்கார்ந்து கணக்குப் போடுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. கப்ளர் விஷயம் கேட்டு வந்தேன். போன வருஷ லாக் புக்கைப் புரட்டினேன். சேர்த்து ஓட்டியது ஐந்து தடவை. நான்கு தடவை பத்து நிமிஷத்துக்குள். ஒரு தடவை காலை 7.40க்கு மூடியது, மத்தியானம் 1.15க்குத் திறந்திருக்கிறார்கள். மாலதி மேடம் சொன்னது அப்படியே எங்கள் கதை.

ராஜன் சார் ஸ்கிரீன் என்று சொன்னதும் இன்னொன்று உறைத்தது. கம்பியைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம், எர்த் ஃபால்ட் வந்தால் கரண்ட் திரும்பி வருவது ஸ்கிரீனும் ஆர்மரும் வழியாக அல்லவா? அதற்கு இந்தக் கணக்கு யாரும் போடவில்லையே. ஸ்டோரில் பழைய 95 ஸ்கொயர் துண்டு ஒன்று கிடந்தது, ஆர்மர் பட்டையை எண்ணினேன், 38. ஒன்று 4 மி.மீ. அகலம், 0.8 கனம்.

ரிலேராஜன்

பலே. இதை முக்கால்வாசிப் பேர் மறந்துவிடுவார்கள்.

38 × 3.2, ஏறக்குறைய 122 ஸ்கொயர் இரும்பு. இரும்பு ஆர்மருக்கு k 46 வைத்துக்கொள்ளுங்கள், அது 80இல் இருந்து 200 டிகிரி வரை, மேலே பிவிசி உறை இருப்பதால். உங்கள் நியூட்ரல் நேராக எர்த் ஆகியிருந்தால் எர்த் ஃபால்ட்டும் 8.4 கிலோ ஆம்பியர் பக்கத்தில் வரும். பேக்கப் 0.6 விநாடிக்கு

```
8400 × 0.775 / 46 = 141
```

கம்பி பிழைக்கிற இடத்தில் ஆர்மர் தோற்கிறது. காப்பர் டேப்பும் ஒரு பங்கு எடுக்கும், ஆனால் டேப்பை நம்பி நான் கணக்குப் போடமாட்டேன். புதிதில் ஒன்றன்மேல் ஒன்று படிந்து நன்றாகத் தொடும், வருஷம் போனால் களிம்பு பிடித்துக் கரண்ட் டேப்பைச் சுற்றிச் சுற்றி ஓட ஆரம்பிக்கும்.

அதனால் முதல் கேள்வி, நியூட்ரல் எப்படி எர்த் ஆகியிருக்கிறது?

ஒரகடத்தான்

என்ஜிஆர் இருக்கிறது சார். ஒவ்வொரு டிரான்ஸ்ஃபார்மருக்கும் தனித்தனி, 400 ஆம்பியர், 10 விநாடி என்று எழுதியிருக்கிறது.

ரிலேராஜன்

அப்படியானால் நிம்மதியாகத் தூங்குங்கள். சேர்ந்து ஓடினாலும் 800 ஆம்பியர். ஒரு விநாடி ஓடினாலும் 800 / 46, 18 ஸ்கொயர் இரும்பு போதும், உங்களிடம் 122 இருக்கிறது. கிளாண்டில் ஆர்மர் நன்றாக இறுகியிருக்கிறதா, எர்த் டேக் போட்டிருக்கிறார்களா, அதை மட்டும் பாருங்கள்.

ஷார்ஜா_பாலா

அவ்வளவு நிம்மதி வேண்டாம் சார். என்ஜிஆர் இருக்கும் சிஸ்டத்தில் ஒரு ஃபேஸ் எர்த் ஆனால் மற்ற இரண்டு ஃபேஸுக்கும் வோல்டேஜ் ஏறும். அந்த நேரத்தில் வேறு ஃபீடரில் பலவீனமான டெர்மினேஷன் ஒன்று இன்னொரு ஃபேஸில் விட்டுவிட்டால் என்ஜிஆர் கணக்கிலேயே வராது, இரண்டு கேபிள் ஆர்மர் வழியாகவும் கிலோ ஆம்பியர் கணக்கில் ஓடும். நான் ஒரு தடவை பார்த்திருக்கிறேன், இரண்டு கிளாண்டும் ஒரே நேரத்தில் வெந்திருந்தன.

ரிலேராஜன்

நடக்கும் பாலா, மறுக்கவில்லை. ஆனால் அதற்கு ஆர்மரைப் பெரிதாக்குவதா, எர்த் ஃபால்ட் ரிலேயை 0.1 விநாடிக்குக் கொண்டுவந்து அந்த இரண்டாவது ஃபால்ட் வர நேரமே கொடுக்காமல் இருப்பதா? நான் இரண்டாவதைச் செய்வேன்.

ஷார்ஜா_பாலா

ரிலே இயங்கும், பிரேக்கர் திறக்கவேண்டுமே. மாலதி அக்காவின் டிரிப் காயில்?

மாலதி_ஜாயின்டிங்

அது இப்போதும் என் மேஜை டிராயரில்தான் இருக்கிறது.

ஒரகடத்தான்

பர்ச்சேஸுக்கு 150 ஸ்கொயர் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். லாக் புக்கில் அந்த 7.40 – 1.15 வரியைப் போட்டோ எடுத்துக் கூடவே இணைத்தேன், யாரும் எதிர்க் கேள்வி கேட்கவில்லை. ஃபீடருக்கு டிரிப் சர்க்யூட் சூப்பர்விஷன் ரிலேயும் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன். கன்சல்டன்டிடம் ஷீட்டைத் திருப்பி அனுப்பினேன். 25 கிலோ ஆம்பியரை எடுத்துவிட்டு 16.8 போட்டார், நேரத்தை மட்டும் 1 விநாடியாகவே விட்டிருக்கிறார், அதனால் அவர் ஷீட்டில் 179 வந்து 185 என்று நிற்கிறது. அதைப் பற்றி நாளைக்கு அவரோடு ஒரு போன்கால் இருக்கிறது.